சேர்வதற்கு முன் மேலாளருக்கு நாலு வரி

புது வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். யாரிடம் வேலை செய்யப் போகிறோமோ அவருடைய எண்ணும் கைக்கு வந்துவிட்டது. என்ன எடுத்துக்கொண்டு வரவேண்டும், முதல் வாரம் எப்படிப் போகும் என்று அவரையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் பெரும்பாலோர் இதில் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். மேலாளருக்குத் தெரியாததை அவரிடம் கேட்கிறார்கள். அவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தோடு போனால் புரியும். செல்வி என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் குவாலிட்டியில் இருந்தவர். இப்போது ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அதே குவாலிட்டி பிரிவில் வேலை. படப்பையில் ஒரு ஹாஸ்டலில் இடம் பார்த்தாகிவிட்டது. ஆர்டர் கையில் வந்த அன்று ராத்திரியே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார்:

"வணக்கம் சார். நான் செல்வி. வரும் திங்கட்கிழமை உங்கள் டீமில் சேர்கிறேன். இந்த வாய்ப்புக்கு மிகவும் நன்றி சார். நான் என்னென்ன கொண்டு வரவேண்டும்? முதல் வாரம் எப்படி இருக்கும் சார்? ஏதாவது படித்துவிட்டு வரவேண்டுமா?"

மரியாதையான செய்திதான். வரும் பதிலும் மரியாதையாகவே இருக்கும்: "வெல்கம். ஹெச்.ஆர். சொல்வாங்க. மண்டே பார்ப்போம்." செல்விக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். மேலாளர் கடுகடுப்பானவரோ என்று சந்தேகம்கூட வரும். அப்படி ஒன்றும் இல்லை. "என்னென்ன கொண்டு வரவேண்டும்" என்றால் அவருக்கு நினைவுக்கு வருவது ஆதார், பான், சர்டிபிகேட். அது அவர் வேலை இல்லை, அதனால் ஹெச்.ஆரைக் கைகாட்டுகிறார். "முதல் வாரம் எப்படி இருக்கும்" என்பதற்குப் பதில் எழுத வேண்டுமானால் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். லைன் நின்றுவிட்டது என்று இன்னொரு பக்கம் போன் வந்துகொண்டிருக்கும்போது யார் யோசிப்பார்கள்?

ஆகவே இது இரண்டு செய்தி. முதலாவது ஹெச்.ஆருக்கு. அங்கே கேட்க வேண்டியது காகிதம், பணம், பேருந்து.

காகிதங்களின் பட்டியல் பெரும்பாலும் ஆர்டரோடு வந்த மின்னஞ்சலிலேயே இருக்கும். ஆதார், பான், படிப்புச் சான்றிதழ்கள், பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகல் அல்லது ரத்து செய்த காசோலை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் கேட்டால் போதும். அப்படி இல்லாத ஒன்று நம் ஊர்க்காரர்களுக்கு என்றே இருக்கிறது: இனிஷியல்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் செல்வி எஸ், ஆதாரில் எஸ் செல்வி, பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் செல்வி சுப்பிரமணியன். வீட்டில் யாருக்கும் இது மூன்று பெயராகத் தெரியாது. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு நின்றுவிடும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை அது உறைக்காது. ஒருநாள் அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது "பெயர் பொருந்தவில்லை" என்று வரும்போதுதான் தெரியும். சேரும் நாளன்று ஹெச்.ஆர். மேசையில் கொடுக்கும் படிவத்தில் அவசர அவசரமாகப் பெயரை எப்படி எழுதுகிறோமோ, அப்படியேதான் கம்பெனியின் எல்லாப் பதிவிலும் ஏறும். எனவே முன்கூட்டியே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடலாம்: "ஆதாரில் என் பெயர் இப்படி, பானில் இப்படி இருக்கிறது. உங்கள் பதிவில் எதை எடுத்துக்கொள்வீர்கள்? திருத்த வேண்டுமானால் எதைத் திருத்தட்டும்?"

செல்வியைப் போல ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பி.எஃபுக்கான யு.ஏ.என். பன்னிரண்டு இலக்க எண். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றே. கம்பெனி மாறினாலும் எண் மாறாது, அதன் கீழ் புதுக் கணக்குதான் சேரும். "முன்பு வேலை பார்த்ததைச் சொல்ல வேண்டாம், புதுசாகவே போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். பழைய பணம் பழைய எண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். அதோடு பழைய கம்பெனி நாம் விலகிய தேதியைப் பி.எஃப். தளத்தில் பதிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டறைகளில் இதை விட்டுவிடுவது சகஜம். அந்தத் தேதி ஏறாமல் பழைய தொகையைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியாமல் அலைபவர்கள் நிறைய. பழைய இடத்துக் கணக்காளரிடம் இதைக் கேட்டு வாங்குவது, அங்கே இன்னும் நம் முகம் மறக்காமல் இருக்கும்போதே சுலபம்.

அசல் சான்றிதழ்கள் விஷயத்தில் மட்டும் சற்றுக் கறாராக இருக்கச் சொல்வேன். அசலைக் காட்டிச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்திட்ட நகலைக் கொடுத்துவிட்டு, அன்றே அசலைத் திரும்ப வாங்கி வருவதுதான் முறை. சில சிறிய நிறுவனங்கள் ஆள் ஓடிவிடக் கூடாது என்று அசலை வாங்கிப் பூட்டிவைக்கின்றன. "அசல் சரிபார்ப்புக்கு மட்டும்தானே, அன்றைக்கே திருப்பித் தருவீர்கள்தானே?" என்று எழுத்தில் கேட்டுவிட்டால் அதற்கு வரும் பதிலிலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். லேப்டாப்புக்கோ சீருடைக்கோ பணம் கட்டச் சொன்னாலும், ஓ.டி.பி. கேட்டாலும் அது வேலை தரும் இடமே அல்ல. உடனே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேருந்தும் ஹெச்.ஆர். கேள்விதான். ஒரகடம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம். ஷிப்ட் நேரத்தில் அந்தச் சந்திப்பில் கம்பெனி பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். எந்தப் பேருந்து படப்பை வழியாக வருகிறது, எந்த நிறுத்தம், எத்தனை மணி, அடையாள அட்டை இல்லாத முதல் நாளில் எதைக் காட்டி ஏறுவது என்று தெரிந்தால் திங்கட்கிழமைக் காலையில் ஆட்டோ தேட வேண்டியதில்லை. வாயிலில் செக்யூரிட்டியிடம் அன்றைக்குச் சேர்பவர்களின் பட்டியல் இருக்கும். அதில் நம் பெயர் ஏறியிருக்கிறதா என்று சனிக்கிழமைக்குள் உறுதி செய்துகொள்வது நல்லது. இல்லையென்றால் வாயில் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பென்டிரைவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பல தொழிற்சாலைகளில் அனுமதி கிடையாது. போனின் கேமராமேல் வாயிலிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அதை உள்ளே உரிக்கக் கூடாது.

இவ்வளவும் ஹெச்.ஆரிடம் முடிந்துவிட்டால் மேலாளருக்கான செய்தி தானாகவே சுருங்கிவிடும். அதில் மிச்சமிருப்பது வேலை மட்டுமே.

எப்போது அனுப்புவது? திங்கட்கிழமை சேர்கிறோம் என்றால் அதற்கு முந்தைய புதன் அல்லது வியாழன், பகல் நேரத்தில். ஆர்டர் வந்த அன்றே அனுப்பினால் மூன்று வாரம் தள்ளி நடக்கப் போவது அவருக்கே தெரியாது. ஞாயிறு ராத்திரி அனுப்பினால் பதில் கிடைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வியாழக்கிழமை என்றால் நமக்காக அவர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேலை நாள் ஒன்றாவது மிச்சமிருக்கும். உங்கள் செய்தியைப் பார்த்த பிறகுதான் பல மேலாளர்களுக்கு, திங்கட்கிழமை ஓர் ஆள் வருகிறது, அதற்குக் கணினியும் நாற்காலியும் கேட்டுவைக்கவில்லையே என்பதே நினைவுக்கு வரும். இதை யாரும் வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது செல்வி மறுபடி எழுதுகிறார்:

"வணக்கம் சார். நான் செல்வி. வரும் திங்கள் 9ஆம் தேதி குவாலிட்டியில் உங்களிடம் சேர்கிறேன். சான்றிதழ், பி.எஃப். விவரங்களை ஹெச்.ஆரிடம் பேசித் தயார் செய்துவிட்டேன். உங்களிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்க வேண்டும் சார். ஹெச்.ஆர். வேலை முடிந்ததும் நான் யாரைப் பார்க்கட்டும்? சேஃப்டி ஷூ ஸ்டோரில் கிடைக்குமா, நானே வாங்கி வரட்டுமா? என் அளவு 5. செவ்வாய் வரை இண்டக்‌ஷன் என்று சொன்னார்கள். புதனிலிருந்து இன்கமிங்கில் இருப்பேனா, லைனிலா? பம்ப் காஸ்டிங் பார்த்திருக்கிறேன், பிரேக் பாகம் புதிது. நேரம் கிடைக்கும்போது பதில் அனுப்பினால் போதும் சார்."

முன்னதைவிட நீளம்தான். ஆனால் பதில் சொல்வது சுலபம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயரோ ஒரு "ஆமாம்" "இல்லை"யோ போதும். புதனிலிருந்து இன்கமிங்கா லைனா என்று இரண்டில் ஒன்றைக் கேட்டிருப்பதுதான் இதில் முக்கியமான இடம். "முதல் வாரம் எப்படி இருக்கும்" என்பதைத்தான் இதிலும் கேட்கிறார், ஆனால் மேலாளர் யோசிக்க வேண்டிய வேலையில் பாதியைத் தானே செய்து கொடுத்துவிட்டுக் கேட்கிறார். வெளியிலிருந்து வரும் வார்ப்புகளையும் மூலப்பொருளையும் சோதிப்பது இன்கமிங். ஓடுகிற எந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்ப்பது லைன். குவாலிட்டியில் இரண்டும் வேறு வேறு உலகம். பிரேக் பாகம் புதிது என்று சொன்னதும் நல்லது. தெரியாததை முன்கூட்டிச் சொல்லிவிட்டவரை யாரும் மூன்றாம் நாளே தனியாக ஓர் எந்திரத்தின் முன் நிறுத்திவிட மாட்டார்கள்.

ஷூ அளவைக் கேட்பது சில்லறை விஷயமாகத் தெரியலாம். தொழிற்சாலையின் உள்ளே கால்விரல் பகுதியில் இரும்புத் தொப்பி வைத்த ஷூ இல்லாமல் லைனுக்குள் விடமாட்டார்கள். ஸ்டோரில் பெரும்பாலும் ஆண்கள் அளவுதான் அடுக்கியிருக்கும். ஐந்தும் ஆறும் கிடைக்காமல் பெண்கள் இரண்டு அளவு பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நடப்பார்கள். அல்லது ஷூ வரும் வரை அலுவலக அறையிலேயே உட்கார்ந்து முதல் வாரத்தைக் கழிப்பார்கள். நாமே வாங்குவதானால் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கியதை இரண்டு மூன்று நாள் ஹாஸ்டலிலேயே போட்டு நடந்து பழகிக்கொள்வது உத்தமம். புது ஷூ குதிகாலைக் கடித்துவிட்டால் பிறகு சொல்லித் தருவது எதுவும் காதில் ஏறாது.

அந்தச் செய்திக்கு இப்படி ஒரு பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "வெல்கம் செல்வி. மதியம் சாப்பிட்டுட்டு ஸ்டாண்டர்ட் ரூம் வாங்க, அங்க லைன் இன்சார்ஜ் மேடம் இருப்பாங்க. ஷூ அஞ்சு ஸ்டோர்ல இல்ல, வாங்கிட்டு வந்துருங்க, பில் வைங்க. புதன், வியாழன் கஸ்டமர் ஆடிட் இருக்கு. அந்த ரெண்டு நாள் ஃபைனல்ல கூட நின்னு பாருங்க, எதுலயும் சைன் பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமை உக்காந்து பேசலாம்."

இதைவிட நல்ல பதில் கிடைக்காது. ஒரு வாரம் முழுக்க இதில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் ரூம் என்பது அளவுகோல்களையும் கேஜ்களையும் வைத்துச் சரிபார்க்கும் குளிரூட்டிய அறை. அங்கே வரச் சொல்கிறார் என்றால் முதல் மதியமே எந்தக் கேஜ் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். புதனும் வியாழனும் ஆடிட் என்றால் அந்த இரண்டு நாளும் மேலாளர் நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். இது முன்பே தெரியாவிட்டால் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று ராத்திரி வீட்டுக்குப் போன் செய்து அழத் தோன்றும். தெரிந்திருப்பதால் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கலாம்.

"எதுலயும் சைன் பண்ணாதீங்க" என்பதற்குச் சற்று விளக்கம் வேண்டும். வாகன பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தர முறைக்குக் கட்டுப்பட்டவை. எந்த வேலையை யார் செய்யத் தகுதி பெற்றிருக்கிறார்கள் என்பதற்கு அங்கே பதிவு இருக்க வேண்டும். லைன் பக்கத்துச் சுவரில் ஒரு பலகையைப் பார்க்கலாம். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், நடுவே நான்காகப் பிரித்த சிறு வட்டங்கள். கற்றுக்கொண்டிருப்பவருக்குக் கால் வட்டம் நிரப்பியிருக்கும், தனியாகச் செய்யக் கூடியவருக்கு அதற்கு மேல், பிறருக்குச் சொல்லித் தரக் கூடியவருக்கு முழு வட்டம். இதை ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பார்கள். ஆடிட்டர் சோதனைத் தாளில் ஒரு கையெழுத்தைக் காட்டி, "இவர் யார்? பலகையில் இந்தப் பெயரைக் காணோமே, எப்போது பயிற்சி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் மேலாளரால் பதில் சொல்ல முடியாது. புதிதாக வந்தவர் ஆர்வத்தில், பக்கத்தில் நின்றவர் "ஒரு கையெழுத்து போடும்மா" என்று சொன்னதற்காகப் போட்ட கையெழுத்து அது. செய்த வேலை சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அது குறைபாடுதான், எழுத்தில் ஏறும்.

ஆகவே செல்வி வெள்ளிக்கிழமை கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: பலகையில் என் பெயர் எப்போது ஏறும், அதற்கு நான் எந்தெந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும்? மருத்துவமனை, கணக்குப் பிரிவு, கடை, எங்கே சேர்ந்தாலும் இதற்கு ஈடான ஓர் எல்லை உண்டு. எந்த வேலையை நானாகச் செய்யலாம், எதை யாரிடமாவது காட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது. மேலாளர் வாயால்தான் வர வேண்டும்.

"ஏதாவது படித்துவிட்டு வரவேண்டுமா?" என்ற கேள்வியை இரண்டாவது செய்தியில் செல்வி விட்டுவிட்டதைக் கவனித்திருக்கலாம். அதை விட்டது சரி. மரியாதைக்காக "பேசிக்ஸ் பார்த்துட்டு வாங்க" என்று ஒரு பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தொழிற்சாலையின் வரைபடங்களும் சோதனை முறைகளும் வாடிக்கையாளருக்குச் சொந்தமானவை. உள்ளே போகாமல் கைக்கு வராது.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருந்தால் மட்டும் இந்தச் செய்தியில் சேர்க்கலாம். சேர்ந்த இரண்டாவது வாரம் அக்காவுக்குக் கல்யாணம், இரண்டு நாள் லீவு தவிர்க்க முடியாது என்றால் அதை ஹெச்.ஆரிடம் ஆர்டர் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், "ஹெச்.ஆரிடம் சொல்லியிருக்கிறேன் சார், உங்களுக்கும் தெரியட்டும்" என்று கடைசியில் ஒரு வரி. சொல்லாமல் விட்டிருந்தால் அதை வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்காமல் போன் செய்து பேசுவது மேல். சம்பளத் தேதி, ஓவர்டைம், சனிக்கிழமை லீவு எல்லாம் ஹெச்.ஆர். பக்கம்.

பதிலே வராமல் நீல டிக் மட்டும் விழுந்தால்? ஒன்றும் ஆகிவிடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹெச்.ஆரிடம் "மதியத்துக்குப் பிறகு நான் யாரைப் பார்க்கட்டும்?" என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். ஷூவை நாமே வாங்கிவிடலாம், அது எப்படியும் வீணாகாது. மேலாளருக்கு இரண்டாவது முறை, "சார், என் மெசேஜ் பார்த்தீங்களா?" என்று அனுப்ப வேண்டாம். ஒருவேளை பதில் "வாங்க, பாத்துக்கலாம்" என்று மட்டும் வந்தால், அந்த வாரம் அவரும் எதையும் திட்டமிடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் முதல் நாள் மதியமே அவர் முன் போய் நின்று, "நாளைக்கு யார் கூட நிக்கட்டும் சார்?" என்று நேரில் கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு நாள் மாலையிலும் மறுநாளைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

புதிதாக ஆள் எடுத்திருக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேரப் போகிறவர் உங்களுக்கு எழுதத் தயங்கிக்கொண்டிருப்பார். எழுதினால் தொந்தரவாக நினைப்பாரோ என்று வீட்டில் நாலு பேரிடம் கேட்டிருப்பார். வியாழக்கிழமை நீங்களே முந்திக்கொண்டு அனுப்பிவிடுங்கள்: யாரைப் பார்க்க வேண்டும், என்ன போட்டுக்கொண்டு வரவேண்டும், முதல் மூன்று நாள் யாரோடு இருக்க வேண்டும், எந்த நாள் நீங்கள் உட்கார்ந்து பேசுவீர்கள். நாலு வரிக்கு மேல் வேண்டியதில்லை.